இறுகிப்போன இடுப்புத்தளம்: விறைப்புக் குறைவு, விந்து முந்துதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணு மாசமா கெகல் பயிற்சி செய்யறேன். விறைப்பு முன்னைவிடக் குறைஞ்சிடுச்சு, விந்தும் சீக்கிரம் வந்துடுது. என்ன தப்பு பண்றேன்?

இடுப்புத்தளத் தசையை இறுக்கி இறுக்கி விடுகிற இந்தப் பயிற்சியைத் தப்பாகச் செய்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்குத் தேவையே இல்லாத பயிற்சியை ஒழுங்காகச் செய்துவருகிறீர்கள், அதுதான் என் சந்தேகம். நான் இடுப்புத்தளத் தசைகளுக்குப் பிசியோதெரபி செய்பவன். இதே புகாரோடு வருகிற இளைஞர்கள் பலரைப் பரிசோதித்தால் அந்தத் தசை தளர்ந்திருப்பதில்லை, நாள் முழுக்க இறுகியே கிடக்கிறது. ஏற்கெனவே இறுகிக் கிடப்பதை தினமும் நூறு தடவை இன்னும் இறுக்கினால் மோசமாகத்தான் ஆகும்.

இந்தப் பயிற்சி யாருக்காக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இதை எழுதியது, பிரசவத்துக்குப் பிறகு தசை தளர்ந்து சிறுநீர் கசிந்த பெண்களுக்காக. தளர்ந்த தசையை இறுக்கிப் பழகச் சொன்னார், பலன் கிடைத்தது. அது பின்னாளில் ஆண்களுக்கும் வந்தபோது, "தசை தளர்ந்திருந்தால்" என்ற நிபந்தனை வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

இடுப்புத்தளம்னா சரியா எது? தொட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இரண்டு விரல் வைக்கிற அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. உடை மேலேயே விரலை வைத்து, சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல ஒரு நொடி இழுத்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உள்வாங்குகிறதல்லவா, அதுதான்.

முன்னே அந்தரங்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்புவரை தொட்டில் கட்டின மாதிரி ஒரு தசைப் படலம் தொங்குகிறது. சிறுநீர்ப்பை, புராஸ்டேட், மலக்குடல் எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதற்குக் கீழே, தோலுக்குப் பக்கமாக, இன்னும் இரண்டு சிறு தசைகள் உண்டு. இங்கே சொல்லும் கதையே அந்த இரண்டைப் பற்றியதுதான். ஒன்று ஆணுறுப்பின் வேர்ப்பகுதியை இருபக்கமும் கவ்வி நிற்கிறது, விறைப்பின் கடைசிக் கட்டக் கடினம் அதன் வேலை. இன்னொன்று நடுவில் சிறுநீர்க்குழாயைச் சுற்றி நிற்கிறது, விந்தை வெளியே தள்ளுவதும் சிறுநீரின் கடைசிச் சொட்டை வெளியேற்றுவதும் அதன் வேலை.

தசை இறுக்கமா இருந்தா விறைப்பு நல்லாத்தானே வரணும்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முழங்கையை முழுசாக மடக்கிக்கொள்ளுங்கள். அதே நிலையில் இன்னும் மடக்கி ஒரு பொருளைத் தூக்கச் சொன்னால் முடியாது, மடங்க இடமே மிச்சமில்லை. அரைமணி நேரம் அப்படியே வைத்திருந்தால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். தசை என்பது நீள வேண்டும், பிறகு சுருங்க வேண்டும். நீளத் தெரியாத தசைக்குச் சுருங்கவும் வலு இருக்காது. இறுகிய தசை பலமான தசை இல்லை, களைத்துப்போன தசை.

இப்போது விறைப்புக்கு வருவோம். முதல் கட்டத்தில் ஆணுறுப்புக்குள் இருக்கிற மென்தசைகள் தளர வேண்டும். அவை தளர்ந்தால்தான் ரத்தம் உள்ளே பாய்ந்து நிறையும், நிறைந்த ரத்தம், தான் வெளியேறும் ரத்தக்குழாய்களை அழுத்தி அடைத்துக்கொள்ளும். இது முழுக்கத் தளர்வில் நடக்கிற காரியம். உடம்பு பதற்றத்தில் இருந்தால் அந்த மென்தசை தளர மறுக்கும், அதே பதற்றம்தான் இடுப்புத்தளத்தையும் இறுக்கி வைக்கிறது. இரண்டாம் கட்டத்தில்தான் வேரைக் கவ்வியிருக்கும் அந்தத் தசை விட்டுவிட்டுச் சுருங்கி, உள்ளே நிறைந்த ரத்தத்தை அழுத்திக் கல்போலாக்குகிறது. அது ஏற்கெனவே களைத்திருந்தால் அந்தக் கடைசிக் கடினம் வராது. வந்தாலும் கொஞ்ச நேரத்தில் நழுவிவிடும்.

இப்படி நழுவும்போது பெரும்பாலான ஆண்கள் ஒன்று செய்கிறார்கள், தாங்கள் அதைச் செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பிட்டத்தை இறுக்குவார்கள், தொடையை விறைப்பாக்குவார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே ஒரு இழு இழுப்பார்கள். ஒரு நொடிக்குக் கடினம் திரும்பும். அந்த ஒரு நொடிதான் பழக்கத்தை வளர்க்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் இழுப்பார்கள், தசை இன்னும் களைக்கும், விறைப்பு இன்னும் சீக்கிரம் நழுவும்.

விந்து முந்துறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அடக்கத்தானே இறுக்குறோம்?

விந்து வெளியேறுவது இரண்டு படிகளில் நடக்கிறது. முதல் படியில் விந்து உள்ளே திரண்டு சிறுநீர்க்குழாயின் பின்பகுதிக்கு வந்து சேரும். "இனி நிறுத்த முடியாது" என்று தோன்றுகிற கணம் அதுதான். இரண்டாம் படியில் நடுவிலிருக்கும் அந்தச் சிறு தசை ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் துடித்துத் துடித்து வெளியே தள்ளுகிறது. முதல் படி தாண்டிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பலனில்லை.

அதற்கு முன்னால் இறுக்கினால்? கிளர்ச்சி ஏற ஏற அந்தத் தசை தானாகவே மெல்ல மெல்ல இறுகும், விதைகள் மேலே ஏறும். அது உடம்பின் இயல்பான ஏற்றம். ஒருவருக்கு ஆரம்பத்திலேயே தசை முக்கால்வாசி இறுகி இருந்தால், ஏறுவதற்கு மிச்சமிருப்பது கால்வாசி தூரம்தான். அங்கே போய் அடக்குவதாக நினைத்து இன்னும் இறுக்கினால், மிச்சமிருந்த கால்வாசியையும் நாமே ஏற்றிவிட்டோம் என்றுதான் அர்த்தம். "அடக்கினேன், அடக்கின அதே நொடியில் வந்துவிட்டது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதனால்தான் இந்த இரண்டு பிரச்சினையும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன. விறைப்பு போய்விடுமோ என்று இறுக்குகிறார், அந்த இறுக்கத்தால் விந்து முந்துகிறது. அது முந்திவிடுமோ என்ற பயத்தில் அடுத்த முறை விறைப்பே சரியாக வருவதில்லை.

எனக்கு இருக்கிறது இறுக்கமா, தளர்ச்சியா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதே இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, பிட்டமும் வயிறும் சும்மா இருக்கட்டும். இரண்டு நொடி மென்மையாக இழுங்கள், பிறகு விடுங்கள். இழுக்கிறபோது என்ன ஆகிறது என்பதைவிட விடுகிறபோது என்ன ஆகிறது என்பதுதான் இங்கே முக்கியம். நல்ல நிலையில் இருக்கும் தசை விட்ட உடனே விரலை நோக்கித் திரும்பி வரும். இறுகிய தசை தயங்கித் தயங்கி வரும், அல்லது வந்ததா இல்லையா என்றே தெரியாது. அப்புறம் ஒரு மூச்சை வயிறுவரை இழுத்துப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது அந்த இடம் விரலை லேசாக, ஒரு அரிசியளவு, தள்ள வேண்டும். எதுவுமே அசையவில்லை என்றால் இறுக்கத்தின் பக்கம் சந்தேகம் கூடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. இறுகிய தசை ஏற்கெனவே மேலே ஏறி நிற்பதால் இழுக்கச் சொன்னாலும் கொஞ்சம்தான் நகரும். தளர்ந்த தசையும் கொஞ்சம்தான் நகரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "பலவீனம்" போலவே தெரியும். நிறையப் பேருக்குத் தப்பாகக் கெகல் பரிந்துரைக்கப்படுவது இந்த இடத்தில்தான்.

அதனால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது. சிறுநீர் கழிக்க நின்று சில நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறதா, தாரை மெலிந்தோ விட்டுவிட்டோ வருகிறதா, மலம் கழித்தும் முடிந்த திருப்தி இல்லையா, நீண்ட நேரம் உட்கார்ந்தால் விதைப்பைக்குப் பின்னால் ஒரு மந்தமான வலியோ ஏதோ பந்தின்மேல் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வோ வருகிறதா, விந்து வெளியேறிய பிறகு அந்தப் பகுதி கடுகடுக்கிறதா. இவற்றில் இரண்டு மூன்று இருந்து, கெகல் செய்த நாட்களில் அவை கூடவும் செய்தால், எனக்கு அதற்குமேல் பெரிய சந்தேகம் இருக்காது. தளர்ச்சியின் முகம் வேறு: இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும், வாயுவை அடக்க முடியாது, புராஸ்டேட் அறுவை சிகிச்சை நடந்திருக்கும்.

எப்படி இப்படி இறுகிப்போகுது?

பெரும்பாலும் ஒரே காரணமாக இருக்காது. நாள் முழுக்க வயிற்றை உள்ளிழுத்தே வைத்திருப்பது, மலச்சிக்கலில் முக்கி முக்கிப் பழகியது, அவசரத்தை அடக்கி அடக்கி வைப்பது, ஜிம்மில் மூச்சைப் பிடித்துக் கனத்தைத் தூக்குவது, மணிக்கணக்கில் உட்கார்ந்த வேலை. யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்து, உடம்பை விறைப்பாக்கி, அவசரமாகச் சுயஇன்பம் செய்து பழகியவர்களுக்கு அந்த இறுக்கமே கிளர்ச்சியின் ஒரு பாகமாகிவிடுகிறது. கவலை வந்தால் சிலர் தோளைத் தூக்குவார்கள், சிலர் தாடையைக் கடிப்பார்கள், சிலர் இங்கே இறுக்குவார்கள். மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை.

சரி, தளர்த்தறதுன்னா என்ன பண்ணணும்? படிப்படியா சொல்லுங்க.

தரையில் மல்லாக்கப் படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் ஒரு நாற்காலியின் மேல் வையுங்கள், அல்லது முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை. தொடையை நீங்கள் தாங்கிப் பிடிக்கக்கூடாது, அதை நாற்காலியோ தலையணையோ தாங்க வேண்டும். ஒரு கை விலா எலும்பின் பக்கவாட்டில், இன்னொரு கையின் விரல் கீழே அந்த இடத்தில்.

மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். வயிற்றை வலிந்து உப்பவைக்க வேண்டாம், விலா பக்கவாட்டில் விரிந்தால் போதும். உள்ளே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்கும், அது இறங்கும்போது இடுப்புத்தளமும் கூடவே இறங்கும். இது நீங்கள் செய்ய வேண்டிய வேலை இல்லை, தடுக்காமல் இருந்தால் தானாக நடக்கும். பிறகு ஆறு எண்ணும்வரை மூச்சை விடுங்கள். விடும்போது கீழே இழுக்கக்கூடாது, இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். மூச்சோடு சேர்ந்து அது தானே மேலே போகட்டும். பத்து நிமிடம், காலையும் இரவும்.

முதல் வாரம் ஒன்றுமே தெரியாது. "மூச்சு விட்டேன், அவ்வளவுதான்" என்பார்கள். பரவாயில்லை. தளர்வது எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் நடுவில் இரண்டு மூன்று தடவை மட்டும், முழு பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு இரண்டு நொடி இழுத்து, பத்து நொடி விட்டுப் பாருங்கள். வித்தியாசத்தை மூளைக்குக் காட்டுவதற்காக மட்டுமே அது. பத்துத் தடவை இருபது தடவை என்று ஏற்றினால் அதுவும் கெகல் ஆகிவிடும்.

மூச்சுக்குப் பிறகு இரண்டு நீட்சிகள் போதும். மண்டியிட்டு, முழங்காலை அகட்டி, நெற்றியைத் தரையில் வைத்துக் குனிந்திருப்பது ஒன்று. மல்லாக்கப் படுத்து, முழங்கால்களை அக்குள் பக்கமாக இழுத்து, பாதங்களைக் கையால் பிடித்துக்கொள்வது இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிடம், அதே மூச்சோடு. வலிக்கிற அளவுக்கு இழுக்க வேண்டாம், வலித்தால் தசை இன்னும் இறுகும்.

அப்புறம் இருபது நிமிடப் பயிற்சியைவிட மிச்ச நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பெரிது. இரண்டு மணிக்கொரு தடவை மொபைலில் ஒரு அலாரம் வையுங்கள். அடித்ததும் தாடை, வயிறு, பிட்டம், கீழ்த்தளம் என்று வரிசையாகக் கவனியுங்கள், இறுகியிருப்பதை விடுங்கள், ஒரு மூச்சு. முதல் சில நாட்கள் ஒவ்வொரு அலாரத்துக்கும் இறுகியே இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். கழிவறையில் முக்க வேண்டாம், மேற்கத்தியக் கழிவறை என்றால் காலுக்கடியில் ஒரு சிறு மணை போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே கொண்டுவாருங்கள். சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

"ரிவர்ஸ் கெகல்"னு சொல்லி கீழ்நோக்கி முக்கச் சொல்றாங்களே, அது இதுதானா?

பெயர் ஒன்றாக இருக்கலாம், முக்குவது இது இல்லை. முக்கும்போது மூச்சு அடைபடும், வயிறு கல்லாகும், ஆசனவாய் அந்த அழுத்தத்தை எதிர்த்துப் பல சமயம் இன்னும் இறுகவும் செய்யும். நாள்தோறும் பலமாக முக்கினால் மூலமும் வரலாம். சிறுநீர் கிளம்புகிற அந்த முதல் கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது எதையும் தள்ளுவதில்லை, பிடித்திருந்ததை விடுகிறோம். அந்த அளவுதான். முகம் சுளிந்தாலோ மூச்சு நின்றாலோ அது முக்கல்.

உண்மையிலேயே ஒருத்தருக்கு இது எப்படிச் சரியாச்சு? எத்தனை நாள் ஆச்சு?

29 வயது, கணினி வேலை, ஒரு நாளைக்கு ஒன்பது மணிநேரம் உட்காருவார். ஆரம்பத்தில் அவருடைய புகார் விந்து முந்துதல் மட்டும்தான். எங்கோ படித்துவிட்டு ஒரு நாளைக்கு 300 கெகல், அதில் ஒவ்வொன்றையும் பத்து நொடி பிடித்து வைப்பார். இரண்டு மாதத்தில் விறைப்பும் பாதியில் விழ ஆரம்பித்தது, உட்கார்ந்தால் வலி, சிறுநீருக்குக் காத்திருப்பு. காலையில் எழும்போது விறைப்பு இருந்தது, தனியாக இருக்கும்போதும் ஓரளவு வந்தது. ரத்த ஓட்டம் அடிப்படையில் சரியாக இருப்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறி. சர்க்கரை, ரத்த அழுத்தம், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் மருத்துவர் பார்த்து இயல்பு என்று சொல்லியிருந்தார்.

பரிசோதனையில் தசையை இழுக்கச் சொன்னபோது கொஞ்சமே நகர்ந்தது, விடச் சொன்னபோது நகரவே இல்லை. இடது பக்கத்தில் ஓர் இடத்தை அழுத்தியதும் ஆணுறுப்பின் நுனியில் வலிக்கிறது என்றார். அதுவரை நுனியில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டிருந்தவர், அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் அழுதுவிட்டார்.

கெகலை அன்றே நிறுத்தினோம். முதல் இரண்டு வாரம் மூச்சும் அலாரமும் மட்டும். மூன்றாம் வாரம் சிறுநீருக்குக் காத்திருப்பது குறைந்தது. பெரும்பாலும் முதலில் மாறுவது இதுதான், விறைப்பு இல்லை. அதனால் பதினைந்து நாளில் விறைப்பை வைத்து அளக்காதீர்கள், கழிவறையில் அளந்து பாருங்கள். ஐந்தாம் வாரம் உட்காரும் வலி பாதியானது. அப்புறம் ஒரு வாரம் வேலையில் நெருக்கடி, எல்லாம் திரும்பி வந்ததுபோல இருந்தது, மனம் விட்டுப்போய் போன் செய்தார். அலாரத்தை ஒரு மணிக்கொன்றாக்கினோம், வேறு எதையும் மாற்றவில்லை. எட்டாம் வாரம் விறைப்பு நடுவில் விழவில்லை. விந்து கட்டுப்பாடு கடைசியாகத்தான் வந்தது, பன்னிரண்டாம் வாரத்துக்குப் பக்கத்தில், அதுவும் கீழே சொல்லப்போகிற பழக்கத்தை மாற்றிய பிறகு.

உறவின்போது என்ன செய்யணும்? அந்த நேரத்துல மூச்சை எண்ணிட்டு இருக்க முடியுமா?

எண்ண வேண்டாம். முதலில் தனியாகப் பழகுங்கள். கிளர்ச்சியை ஒன்று முதல் பத்துவரை மனதில் அளந்து, ஏழுக்கு வந்ததும் கையை நிறுத்துங்கள். நிறுத்தும்போது இழுக்காதீர்கள், இதுதான் முழுப் பயிற்சியும். வாயைத் திறந்து நீளமாக மூச்சை விட்டு, பிட்டத்தையும் தொடையையும் விட்டு, ஏறியிருந்த விதைகள் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கியதும் தொடருங்கள். விறைப்பு கொஞ்சம் குறையும், அதைப் பிடித்து நிறுத்தத் தோன்றும், பிடிக்காதீர்கள். குறைந்தது மறுபடி வரும் என்று உடம்புக்கு ஒருதரம் தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

மூன்று நாலு தடவை இப்படிச் செய்து, பிறகு முடித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று நாள் போதும், இறுக்கிப் பிடித்துத் தினமும் பழகினால் களைப்புத்தான் மிஞ்சும். எட்டுக்குமேல் போய் நிறுத்த முயன்றால் பெரும்பாலும் தாமதம்தான், அதனால் ஏழு.

துணையோடு இருக்கும்போது கையை ஊன்றி மேலே நிற்கிற நிலையில் பிட்டமும் வயிறும் தானாகவே இறுகும். ஆரம்பத்தில் மல்லாக்கப் படுத்தோ ஒருக்களித்தோ இருந்தால் விடுவது எளிது. துணையிடம் முன்கூட்டியே ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: "நடுவில் நிறுத்துவேன், ஒன்றும் ஆகிவிடவில்லை." சொல்லாமல் நிறுத்தினால் இரண்டு பேரும் பதறுவார்கள்.

அப்போ கெகல் செய்யவே கூடாதா? ஆய்வுகள்ல பலன் இருக்குன்னு சொல்றாங்களே?

இருக்கிறதுதான். பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட் கிரேஸ் டோரி குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், விறைப்புக் குறைவுள்ள 55 ஆண்கள் இடுப்புத்தளப் பயிற்சியும் வாழ்க்கைமுறை மாற்றமும் செய்ததில் 40 சதவீதம் பேருக்கு விறைப்பு இயல்புக்கே திரும்பியது. இத்தாலியில் 2014இல் வந்த ஓர் ஆய்வில், விந்து முந்துதல் உள்ள 40 பேரில் 33 பேர் பன்னிரண்டு வாரப் பயிற்சியில் கட்டுப்பாடு பெற்றார்கள். ஆனால் அவையெல்லாம் நிபுணர்களின் மேற்பார்வையில் நடந்தவை, எதையோ படித்துவிட்டு 300 தடவை இழுத்தவை இல்லை.

என் முறை இது: முதலில் விடத் தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் இழுப்பது. விரல் பரிசோதனையில் விட்ட உடனே தசை திரும்புகிறது, உட்காரும் வலி இல்லை, சிறுநீர் தடையில்லாமல் வருகிறது என்றால் மெல்லத் தொடங்கலாம். மூன்று நொடி இழுப்பு, ஆறு நொடி விடுதல், எட்டுத் தடவை, ஒன்று விட்டு ஒரு நாள். முந்தைய இழுப்பு முழுதாக விடுபடாமல் அடுத்ததைத் தொடங்கக்கூடாது. பழைய அறிகுறி ஒன்று தலைகாட்டினாலும் நிறுத்தி, மூச்சுப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

இது கூடவே விறைப்பு மாத்திரை எடுத்துக்கலாமா?

மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் எடுக்கலாம், பயிற்சிக்கு இடையூறு இல்லை. பயத்தை உடைக்கச் சில வாரம் உதவுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது உள்ளே இருக்கிற மென்தசையைத்தான் தளர்த்தும், இடுப்புத்தளத்தை இல்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு இறங்கிவிடும்.

எப்போ இதை விட்டுட்டு மருத்துவரைப் பார்க்கணும்?

பயிற்சி தொடங்கும் முன்பே ஒருமுறை பார்ப்பது நல்லது. அதிலும் 40 வயதைத் தாண்டியிருந்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஏதாவது இருந்தால், காலை விறைப்பும் சேர்ந்து மறைந்திருந்தால், தள்ளிப்போடவே கூடாது. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்துடையதைவிடச் சிறியவை, அடைப்பு முதலில் இங்கேதான் தெரியும், சில சமயம் இதயத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே. அதைத் தசை இறுக்கம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தால் இழப்பு பெரிது.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு கீழே வலி, புதிதாக ஆணுறுப்பு வளைவது, இவற்றுக்கு உடனே போக வேண்டும். தொடையின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிலும் மரத்துப்போனாலோ, திடீரென்று சிறுநீர் வராமலோ அடங்காமலோ போனாலோ அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது முதுகுத்தண்டின் அடியில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கிய பிறகு விறைப்புக் குறைந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனா என்ன செய்வாங்க? கூச்சமா இருக்கு.

கூச்சம் எல்லோருக்கும் இருக்கும், அதைச் சொல்லிவிட்டே தொடங்கலாம். முதலில் நிறையக் கேள்விகள் கேட்பார்கள், பிறகு முதுகு, இடுப்பு, மூச்சு விடும் விதம் பார்ப்பார்கள். தசையைச் சரியாகக் கணிக்க, உங்கள் சம்மதத்தோடு, கையுறையும் ஜெல்லும் போட்டு ஆசனவாய் வழியாக ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, எங்கே அழுத்தினால் உங்களுக்குப் பழக்கமான அந்த வலி வருகிறது, இழுத்ததை விட முடிகிறதா, இவ்வளவுதான். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். விதைப்பைக்குப் பின்னால் தோல்மேல் வைக்கிற அல்ட்ராசவுண்டிலும் தசை ஏறி இறங்குவதைத் திரையில் காட்ட முடியும். மூச்சை இழுத்ததும் திரையில் அது இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் அன்றே பயிற்சியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆண்களுக்கு, தளர்த்தும் பயிற்சி சொல்லித்தருகிறீர்களா?" தொட்டுப் பார்க்காமல், எதுவும் கேட்காமல், எடுத்த எடுப்பில் கெகல் அட்டவணையைக் கையில் கொடுத்தால், வாங்கிக்கொள்ளாமல் வேறொருவரைத் தேடுங்கள்.